நாலு பதிலில் என் மகன் எடுத்தது

என் மருமகள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு வம்புக்கு இழுத்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு மாமியாருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வருஷம். கிளார்க் வேலைக்கான பரீட்சைக்கு அவள் ராவும் பகலுமாகப் படித்திருந்தாள். பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் வானம் கறுத்துக் கிடந்தது. எங்கள் கருவடிக்குப்பத்தில் ஓர் இலை அசையவில்லை. மகன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வாங்கி வந்த சங்கரா மீனை அவள் அரிவாள்மனையில் அரிய, நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கேள்வி கேட்டேன்.

மறுபடி வெளியே போயிருந்த மகன் வந்து வாசற்படியிலேயே நின்றான்.

"நாளைக்கு நீ எங்கயும் போவல. நீ வேலைக்குப் போயி ஒண்ணும் ஆவ வேணாம். ஆல் டிக்கெட்டு எங்கிட்ட இருக்கு." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

மீன் அரியும் சத்தம் நின்றுபோனது. பேச்சை மாற்றலாமென்று அடுத்த கேள்வியை எடுத்தேன்.

"சாது மிரண்டால் காடு கொள்ளாது. அர்த்தம் நாலு போட்டிருக்கான், நீ சொல்லுடா பாப்போம். ஒண்ணு, துறவி காட்டில் வாழ அஞ்சுவார். ரெண்டு, பொறுமையானவர் எளிதில் கோபப்பட மாட்டார். மூணு, பொறுமையானவர் கோபப்பட்டால் யாராலும் அடக்க முடியாது. நாலு, பயந்தவருக்குக் காட்டிலும் இடம் கிடைக்காது."

"ரெண்டு," என்றான் சட்டென்று. "இதுக்கு ஒரு பரீட்சையா? அதான் வூட்ல தெனமும் பாக்கறனே."

"தப்புங்க."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணும் நாலும் காட்டை நெஜக் காடுன்னு எடுத்துக்குது. அது ரெண்டையும் தள்ளிடணும். ரெண்டாவது பாக்க நல்லாருக்கும், ஏமாறட்டும்னுதான் அதை வைக்கறது. ஆனா 'மிரண்டால்'னு கேட்டிருக்குங்க. மிரண்டா என்ன ஆவும்னு அது சொல்லவே இல்ல. நீங்க பாதியோட நிறுத்திட்டீங்க. முழுசாச் சொல்றது மூணுதான்."

அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சிரிப்பில்லை. கண் இமைக்கவுமில்லை. கை மட்டும் தானாக ஒரு மீன் தலையை அரிவாள்மனையில் வைத்து அழுத்தியது. நறுக்கென்றது.

வாயை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியுமா?

"அம்மாம் பெரிய காடே தாங்காதாம். இந்த ஒத்த ரூமு வூடு எம்மாத்திரம்டா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. ஆல் டிக்கெட்டை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"எங்கிட்ட எதுக்கு? நானா எழுதப் போறேன்?" என்றேன்.

அரிவாள்மனையைச் சுற்றிக்கொண்டு போய், எட்டி நின்றபடியே அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அடுத்த மீனை எடுத்தாள். அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

காலையில் அவனே ஸ்கூட்டரில் லாஸ்பேட்டைக்குப் பரீட்சை எழுதக் கூட்டிப்போனான். வழியெல்லாம் ரோட்டைவிடக் கண்ணாடியில் அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தானாம்.