வெந்நீர் வாளியும் என் தங்கையின் விரல்களும்

என் தங்கையின் விரல்கள் நிறம் மாறியதை முதலில் பார்த்தவள் நான். முதலில் சிரித்தவளும் நான்தான்.

யாங்கூனில் குளிர் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழியில் விடியற்காலை ஒரு ஸ்வெட்டர் போட்டால் போதும். ஆனால் நானும் என் தங்கையும் வேலை பார்த்தது ஷ்வேப்யிதாவில் ஒரு இறால் கம்பெனியில். எங்கள் வீடு இருந்த தின்கன்ஜூனில் இருந்து விடிவதற்குள் கம்பெனியின் ஃபெரி பஸ் ஏறிப்போய், ரப்பர் கையுறை மாட்டி, பொடித்த ஐஸுக்குள் கையை விட்டு இறால் தலை கிள்ள வேண்டும். எல்லார் கையும் மரத்துப்போகும். அதற்காகவே மேசை ஓரத்தில் ஒரு தகர வாளியில் வெந்நீர் இருக்கும். கை தாங்காதபோது முக்கி எடுத்துக்கொண்டு திரும்ப வருவோம். யாரும் முனகக் கூடாது, அதுதான் அங்கே பழக்கம்.

எங்கள் கை ஐஸில் இருந்து எடுத்ததும் சிவக்கும். அவள் கை வெளுத்தது. எங்கள் மாநிறத்தில் புறங்கையில் சாம்பல் பூத்தமாதிரிதான் தெரியும். உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் விரல்நுனியிலிருந்து இரண்டாவது கணு வரை வெள்ளை, அங்கே கோடு கிழித்தாற்போல் நிற்கும். பிறகு நகம் நீலமாகும். கையை அக்குளில் வைத்துச் சூடு பண்ணினால் சிவந்து, "எரியுதுக்கா, ஊசி குத்துதுக்கா" என்று அழுவாள்.

"ஏண்டி, ஐஸ்ல கை வச்சா பஞ்சு மாதிரியா இருக்கும்? நாப்பது பேர் கிள்ளுறோம், உனக்கு மட்டும் என்ன ராஜாத்தி கை?" என்றேன். மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், பாவி.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவளால் ஒரு இறாலைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். அவள் கையுறையைக் கழற்றி, கையைப் பிடித்து வாளிக்குள் அழுத்தினேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து ஊற்றிய தண்ணீர். அவள் கத்தவில்லை. கத்தாததால், சூடு சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை. சாயந்திரம் நடுவிரல் நுனியில் கொப்புளம் இருந்தது. அது உடைந்து புண்ணாகி மூன்று மாதம் ஆறவில்லை. நான் கத்திரிக்காயை நிறுத்தச் சொன்னேன், கருவாட்டை நிறுத்தச் சொன்னேன். அவளும் நிறுத்தினாள். பிறகு நான் தொடாத பக்கத்து விரலிலும் தானாக ஒரு புண் வந்தது.

சித்திரையில் திஞ்சான், பர்மியரின் தண்ணீர்த் திருவிழா. திஞ்சான் வெயில் மண்டையைப் பிளந்தது. தெருப் பிள்ளைகள் ஐஸ் போட்ட தண்ணீரை ஒரு கிண்ணம் அவள் தோளில் ஊற்றினார்கள். பத்து விரலும் வெளுத்துவிட்டன. "அமேலே! அத்தை கையைப் பாரு!" என்று பிள்ளைகள் கூவி, தொட்டுப் பார்க்க வந்தார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். ஐஸ் மேசை இங்கே இல்லையே, இந்த அனலில் ஒரு கிண்ணம் தண்ணீருக்கு ஏன் இப்படி? அதற்குள் யாரோ என் தலையில் ஒரு வாளி கொட்டினார்கள். யோசனையும் அதோடு போயிற்று.

அந்த வருடம் அவள் அழகானாள். முப்பத்தெட்டு வயதில் நெற்றிக் கோடு போயிற்று, வாயோரக் கோடு போயிற்று, முகம் வழவழவென்று பளபளத்தது. "தனாக்காக் கட்டையை எங்கடி வாங்குனே? வயசு பின்னால போகுது!" என்று முதலில் கேட்டவள் நான். பிறகு மாடிக்கு மாடி எல்லாப் பெண்களும் கேட்டார்கள். அவள் கல்லில் கட்டையைத் தேய்த்து எல்லாருக்கும் முகத்தில் பூசச் சந்தனம்போலக் குழைத்துக் கொடுத்தாள். விரல் வீங்கி, போட்டிருந்த மோதிரம் கழற்ற வரவில்லை. ராஜாத்திக்குச் சதை போடுகிறது என்றேன். வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமல் வாழைப்பழத்தைப் பிட்டுப் பிட்டுத் தின்றாள்; நாகரிகம் பழகுகிறாள் என்றேன். எனக்கு எதற்கும் ஒரு பதில் இருந்தது.

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அடுத்த வருட மழைக்காலத்தில் அவள் மூன்றாவது மாடியில் உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் அரிசிப் பையோடு அங்கேயே உட்கார்ந்து, பேச முடியாமல், வறட்டு இருமலாக இருமினாள். "நடிக்காதே, எந்திரி" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் உதடு நீலமாக இருந்தது. வெளியே குளிரும் இல்லை, ஐஸும் இல்லை. அன்றைக்கே டாக்சி பிடித்தேன்.

டாக்டர் ஒரு பர்மியப் பெண், என்னைவிட வயது குறைந்தவர். நாங்கள் சயாமா என்று கூப்பிட்டோம். மூச்சைப் பற்றிச் சொல்லத்தான் போனோம். அவர் முதலில் கையைத்தான் வாங்கிப் பார்த்தார். நகத்தின் அடிச்சதையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். நல்ல கையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒழுங்காக வரிசையில் நிற்குமாம்; இவளுக்குச் சில பருத்திருந்தன, பல இடத்தில் இல்லவே இல்லை. பிறகு அவள் கன்னத்தைக் கிள்ளப் பார்த்தார். பிடிக்க ஒரு மடிப்பு வரவில்லை. முதுகில் குழாய் வைத்து அடிப்பக்கம் கேட்டபோது அவர் முகம் மாறியது.

"விரல் வெளுக்கறது எத்தனை நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷம்," என்றாள் தங்கை.

"சின்ன வயசுல ஆரம்பிச்சு, புண் இல்லாம, வெறும் நிறம் மட்டும் மாறினா பெரும்பாலும் பயமில்லை. கையைச் சூடா வச்சுக்கிட்டாப் போதும். முப்பதைத் தாண்டி, விரல் வீங்கி, நுனியில புண் வந்தா அது வேற. உடம்பு தன்னையே தாக்குது. தோல் இறுகும், நுரையீரலும் இறுகும். அதுக்கு முதல்ல விரல்தான் சொல்லும், சில பேருக்குப் பல வருஷம் முன்னாடியே."

ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு ஸ்கேனும் அவர் சொன்னதையே காட்டின. ரத்தக் குழாய் விரிய ஒரு மாத்திரை, நுரையீரல் மேலும் இறுகாமல் இருக்க ஒரு மருந்து. புகையிலை வைத்த குன்யா வெற்றிலை வேண்டாம், ஐஸ் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும், அதையும் வேறொருவர் கை வைத்துப் பார்த்த பிறகு. அந்தக் கடைசி வார்த்தையைச் சயாமா சொல்லும்போது தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"இறுகினது இளகுமா சயாமா?" என்றேன்.

"இளகாது. இனிமே இறுகறதை மெதுவாக்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா மெதுவாக்க நிறைய மிச்சம் இருந்திருக்கும்."

வேலையை விட்டாள். ஒரு வருடமும் சில மாதமும் இருந்தாள். கடைசி மாதங்களில் மூக்கில் ஆக்சிஜன் குழாய். கரண்டு போனால் நான் ஐந்து மாடி இறங்கி சிலிண்டருக்கு ஓடுவேன். ஒருநாள் அவளே சொன்னாள், "அக்கா, அந்த வாளி விஷயத்தையே நினைச்சுக்கிட்டு இருக்காதே. அதுனால வரலை இது." தெரியும் தாயே, வாளியால் வரவில்லை. வந்ததை யாரையும் நான் பார்க்க விடவில்லை.

மழை விடாத ஒரு காலையில் போய்விட்டாள். குளிப்பாட்டி, கூடத்தில் கிடத்தியிருந்தோம். மாடிப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு, "முகத்தைப் பாருங்களேன், சின்னப் பொண்ணு மாதிரி. வயசே தெரியல," என்றாள். இன்னொருத்தி, "தனாக்கா போடற கை," என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கிள்ளிப் பாருங்கடி!" என்று கத்தினேன். "அது அழகில்லடி, சீக்கு! கிள்ளிப் பாருங்க, சதை வருதான்னு!"

யாரும் கை நீட்டவில்லை. முதலில் பேசியவள் பயந்து எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். அவளைத் திட்டி என்ன பயன்? அந்தப் பேச்சை இந்த வீட்டில் ஆரம்பித்து வைத்தவளே நான்தான்.