பேனாவால் தட்டிய மேடம்

ஓசூரில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கேன்டீனுக்கு மேலே இருக்கும் பயிற்சி அறையில் நான் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். வாரத்தில் மூன்று நாள் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். முதல் ஷிப்ட் முடித்து, பசியும் தூக்கமுமாக மேலே ஏறி வரும் பன்னிரண்டு பேரை ஒரு மணி நேரம் வதைப்பதுதான் என் வேலை. வதைக்க எனக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பேனா போதும். யாராவது "ஷி கோயிங் டு மார்க்கெட்" என்றால் மேசையில் டக்கென்று ஒரு தட்டு. "இஸ்" விழுந்துவிட்டது என்று அர்த்தம். வாயைத் திறந்து சொல்லக்கூட மாட்டேன். அவ்வளவு பெரிய ஆள் நான்.

இந்த இஸ் ஏன் விழுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அவ மார்க்கெட்டுக்குப் போறா" என்பதில் "போறா" என்ற ஒரே சொல்லுக்குள் போவது யார், ஒருத்தியா பலரா, எப்போது போகிறாள் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்து "கோயிங்" அப்படியில்லை. யார், எப்போது என்பதைச் சொல்ல அதற்கு முன்னால் இன்னொரு சொல் வந்து நின்றாக வேண்டும். "போய்க்கிட்டு இருக்கா" என்று சொன்னாலும் அந்த "இருக்கா" வாலில் ஒட்டிக்கொண்டுதான் வருமே தவிர, முன்னால் வந்து நிற்காது. "அவர் டாக்டர்" என்றால் நமக்கு வாக்கியமே முடிந்துவிட்டது. நடுவில் எதையும் செருக இடமில்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே கதைதான் என்பதால், மூன்று மொழி பேசும் எங்கள் ஊர் ஆட்கள் மூன்று மொழியிலும் பழகிப்போய் இஸ்ஸை விடுகிறார்கள். ஆனால் "மெஷின் சூடா இருக்கு" என்பதை ஆங்கிலத்தில் கேட்டால் பெரும்பாலும் சரியாக "மெஷின் இஸ் ஹாட்" என்றே வரும். அங்கே தமிழிலேயே ஒரு "இருக்கு" உண்டல்லவா.

இதில் ஒரு வார்த்தையையும் நான் வகுப்பில் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தப்பு அவர்களுடையது இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் நான் எதைத் தட்டுவது?

தர சோதனைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் அந்த வகுப்பில் இருந்தாள். குருபரப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். ஒன்பது வருட அனுபவம். கையில் எடுத்த பாகத்தில் முடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். முந்தைய வருடம் லைன் லீடர் பதவி அவளைத் தாண்டி, இங்கிலீஷ் பேசத் தெரிந்த, வந்து இரண்டே வருடமான ஒருவருக்குப் போயிருந்தது. இந்த முறை வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட் வருகிறது, தரம் சரியாக இருக்கிறதா என்று லைனிலேயே வந்து பார்ப்பார்கள், அதில் அவள் பேசிவிட்டால் பதவி அவளுக்குத்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஆடிட்டர்கள் மேலாளரைக் கேட்க மாட்டார்கள். நேராக மெஷின் பக்கத்தில் நிற்பவரிடம் வந்து கேட்பார்கள். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம். எங்கள் மேலாளருக்கு அது கௌரவக் குறைச்சல்.

மூன்று மாதம் அவளைத் தயார் செய்தேன். முதல் வாரம் அவள் மூச்சுவிடாமல் பேசினாள். "பார்ட் கமிங், ஐ டேக்கிங், லைட்ல பாத்து செக்கிங்..." டக், டக், டக். இரண்டாம் மாதம் பயத்தில் எல்லா இடத்திலும் ஒன்றைச் செருக ஆரம்பித்தாள். "ஐ ஆம் செக் தி பார்ட், ஐ ஆம் புட் தி ரெட் பின்." கழித்த பாகத்தைப் போடும் சிவப்புத் தொட்டியைச் சொல்கிறாள். அதற்கும் டக். மூன்றாம் மாதம் எதைக் கேட்டாலும் "யெஸ் மேடம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நான் அறிக்கையில் "பிழைகள் முற்றிலும் நீங்கின" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மைதான். பேசாத வாயில் பிழை எங்கிருந்து வரும்?

ஆடிட் அன்று என்னையும் லைன் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். தலையில் தொப்பி, கையில் அட்டைப்பலகை, அதில் ஒரு பேனா. மாணவிக்குத் தைரியம் சொல்ல வந்த ஆசிரியை என்று நானே நினைத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர் அவள் மேசைக்கு வந்து, பாகம் சரியில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சார், பேட் பார்ட் கமிங், ஐ ஸ்டாப்பிங் லைன்..."

டக்.

நானாகத் தட்டவில்லை. கை தானாகப் பேனாவால் பலகையில் தட்டிவிட்டது. அத்தனை மெஷின் சத்தத்திலும் அது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் வாய் அப்படியே நின்றது. வெளிநாட்டுக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஒன்பது வருடத்தை நான் ஒரு தட்டில் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். "மேடம், அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். வேறென்ன செய்வது? அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பார்ட் ரெட் பின் கோயிங். லைன் ஸ்டாப்பிங். லீடர் கமிங், செக்கிங், ஓகே சொன்னா தென் ஒன்லி ஸ்டார்ட்டிங்." மாதிரிக்கு வைத்திருந்த விரிசல் விட்ட பாகம் ஒன்றை எடுத்து விளக்கில் சாய்த்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். அத்தனைக்கும் பதில் வந்தது, ஒரு இஸ் கூட இல்லாமல். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, அடுத்த மெஷினுக்குப் போனார்.

பத்து நாள் கழித்து லைன் லீடர் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பயிற்சி அறைக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க மேடம்" என்று சிரித்தாள். பிறகு, "அது ஏன் மேடம் எனக்கு மட்டும் இந்த இஸ்ஸு வரவே மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

அன்றுதான் முதல் முறையாகப் போர்டில் எழுதிக் காட்டினேன். "போறா" என்று எழுதினேன். "கோயிங்" என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு காலி இடம் விட்டேன். உனக்கு மட்டுமில்லை, தமிழ் பேசுகிற யாருக்கும் முதலில் வராது, தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்படித்தான் என்றேன். கிருஷ்ணகிரி கல்லூரியில் என் முதல் நேர்காணலில் நானே "ஐ கமிங் ஃப்ரம் சிங்காரப்பேட்டை" என்று சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது அது.

அவள் சிரிக்கவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க பாசையிலயே அது இல்லையா?" என்றாள். பிறகு மெதுவாக, "ஸ்கூல்ல இருந்து எம் மண்டையிலதான் ஏதோ கொறைன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன் மேடம்."

அவள் அப்படி நினைத்த அத்தனை வருடத்தில், கடைசி மூன்று மாதத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான்.