வங்கிக்குத் தெரிந்த விலாசம்

யோகேஸ்வரனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் எனக்கு ஏற்பட்ட தலையிடி கொஞ்சநஞ்சமல்ல. ஒஸ்ரேலியாவில், நோபல் பார்க்கில் என் வீட்டின் பின் அறையில் அவர் வாடகைக்கு வந்தது 2010இல். வந்த அன்றே, "அன்ரி, நான் நித்திரையில குறட்டை விடுறனான். இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார். டாண்டினோங்கில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. அதற்கு முன் லண்டனில் ஒன்பது வருடம் இருந்தவர். அங்கே அறை அறையாக மாறித் திரிந்த மனிதர், வங்கிக் கடிதங்கள் தொலையக்கூடாதென்று மச்சான் சிறிதரனின் வீட்டு விலாசத்தைக் கொடுத்து வைத்திருந்தார். அங்கே எங்கள் பெடியன்கள் பாதிப்பேர் அப்படித்தான் செய்வார்களாம். கொடுத்ததை அவரே மறந்தும் போனார்.

2012 ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த மறதி எங்கள் கழுத்தைப் பிடித்தது.

அவர் மனைவி பிரியதர்சினிக்கு இரண்டு வருடம் காத்திருந்து விசா கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஒஸ்ரேலியாவில் கால் வைக்க வேண்டும் என்று அதிலே திகதி போட்டிருந்தார்கள். தாண்டினால் விசா செல்லாமல் போகலாம், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். முன்பே எடுத்த டிக்கெட்டை அவளுக்கு வந்த டெங்குக் காய்ச்சல் தின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதான் கொழும்பில் ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தச் சனி இரவு புறப்படும் விமானத்தை விட்டால் வேறு வழியில்லை.

என் குசினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு யோகேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காக்காரர்களின் டிக்கெட் தளம் ஒன்று. "இரண்டு இருக்கைகளே உள்ளன" என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. எனக்கும் அவருக்கும் இங்கே இருந்தது கடையில் தேய்க்கிற கார்டு மட்டுந்தான், இணையத்தில் செல்லாது. அவருடைய லண்டன் டெபிட் கார்டுதான் கதி. அதில் இரண்டு டிக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே காசு இருந்தது.

கார்டு இலக்கம் போட்டார். கீழே 'பில்லிங் விலாசம்', அதாவது கார்டுக்காரரின் விலாசம், என்ன என்று கேட்டது. என் வீட்டு விலாசத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தார், போஸ்ட்கோட் 3174 உட்பட. அழுத்தினார். "விலாசம் உங்கள் வங்கியில் உள்ளதோடு பொருந்தவில்லை" என்று வந்தது.

"இதென்ன கூத்து! இந்த வீட்டில நீர் இருக்கிறீரோ இல்லையோ?" என்றேன்.

"இருக்கிறன் தானே அன்ரி. ஆனா லண்டன் கார்டு, லண்டன் விலாசம் கேக்குது போல."

அவர் லண்டனில் கடைசியாக டூட்டிங்கில் இருந்த அறையின் விலாசத்தைப் போட்டார். அதுவும் பொருந்தவில்லை. சிவப்பு எழுத்து இப்போது ஒரே ஒரு இருக்கை என்றது.

"வங்கிக்குப் போன் அடியும்!" என்றேன்.

அடித்தார். எடுத்த பெண் பாதுகாப்புக்காக, "நாங்கள் வைத்திருக்கும் உங்கள் விலாசம் என்ன?" என்று கேட்டாள். அவர் டூட்டிங் என்றார். அவள் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டாள். தெரியாத விலாசத்தைக் கேட்க அடித்தால், அந்த விலாசத்தைச் சொன்னால்தான் பேசுவோம் என்கிறார்கள்! விசரில் நான் கதிரையை உதைத்தேன். கால் விரல் நொந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் அவருக்கு மச்சானின் ஞாபகம் வந்தது. லண்டனில் காலை எட்டு மணி. இரவு வேலை முடித்துப் படுத்திருந்த சிறிதரன் எழும்பி, வங்கிக் கடிதத்தைத் தேடியெடுத்து வாசித்தார். ஹாரோவில் நாற்பத்தாறாம் இலக்க வீடு. யோகேஸ்வரன் ஒரு நாளும் படுத்தெழும்பாத வீடு.

அதை முழுவதும் அடித்து அழுத்தினார். மறுபடியும் மறுப்பு. இந்த முறை விலாசத்தைப் பற்றி ஒன்றுமில்லை. "வங்கி மறுத்துவிட்டது" என்று மட்டும் வந்தது.

யோகேஸ்வரன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அவள் வராமல் போனா நான் என்ன செய்வன் அன்ரி?"

"வாயைக் கழுவும்! திரும்ப அடியும் போனை," என்று கத்தினேன். எனக்கும் அழுகை வந்துகொண்டிருந்தது.

ஹாரோ விலாசத்தைச் சொன்னதும் வங்கி கதைத்தது. இந்த முறை ஒரு பெடியன், பொறுமைசாலி. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். முதல் இரண்டு தடவையும் வங்கி காசுக்குச் சம்மதம் சொல்லித்தான் இருக்கிறது. கூடவே, விலாசம் பொருந்தவில்லை என்ற குறிப்பையும் தளத்துக்கு அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்து வேண்டாம் என்றது தளம். ஆனால் சம்மதம் சொன்ன காசு இரண்டு தடவையும் கணக்கில் மறிபட்டு நிற்கிறது. மூன்றாம் தடவை விலாசம் சரி, மிச்சக் காசுதான் போதாது. தளம் சொல்லாவிட்டால் மறித்த காசு தானாக விடுபடச் சில நாள் ஆகும்.

"சில நாளோ! நாளையிண்டைக்கு அவள் இஞ்ச நிக்கவேணும்!" என்று நான் தமிழிலேயே அந்தப் பெடியனிடம் பாய்ந்தேன். பாவம், அவன் "சொறி மேடம்" என்றான்.

தளத்து ஆளையும் அதே இணைப்பில் எடுக்க அவன் சம்மதித்தான். பிறகு தளத்தின் பாட்டு. ஆள் வருமட்டும் ஒரே பியானோவைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரன் திரையையே பார்த்தபடி இருந்தார். ஒரு இருக்கை இன்னும் நின்றது. ஒருவழியாக ஒரு பெண் வந்து, இரண்டு தொகையையும் தாங்கள் எடுக்கப்போவதில்லை என்று வங்கிக்குச் சொன்னாள். பெடியன் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "விட்டுவிட்டேன், இப்போது போடுங்கள்" என்றான்.

கார்டு இலக்கத்தையும், ஹாரோ வீட்டின் இலக்கத்தையும் போஸ்ட்கோட்டையும் போட்டார். அவசரத்தில் கணினி தானாக நிரப்பியது டூட்டிங் தெருவின் பெயரை. நான் கண்டேன்.

"ஐயோ, தெரு பிழை! நிப்பாட்டும்!"

அவர் அழுத்திவிட்டார். சின்ன வட்டம் சுற்றியது. நான் முருகா என்றேன்.

டிக்கெட் வந்தது.

"பிழையான தெருவுக்கு எப்பிடியப்பா ஓமெண்டது?" என்றேன் நான்.

அவர் அதை லைனில் நின்ற வங்கிப் பெடியனிடமே கேட்டார். வீட்டு இலக்கத்தையும் போஸ்ட்கோட்டில் உள்ள இலக்கங்களையும் மட்டுந்தான் ஒப்பிடுவார்களாம். தெருவின் பெயரையோ ஆளின் பெயரையோ அந்தச் சோதனை பார்ப்பதில்லையாம். அடக் கடவுளே! உண்மையாக வாழும் வீட்டை இல்லையென்றவர்கள், வாழாத வீட்டைப் பிழையான தெருவில் வைத்தும் ஓமென்றார்கள். யோகேஸ்வரன் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டார். நான் பால் விடாமல் ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றிரவு கொழும்பு விமான நிலையத்திலிருந்து பிரியதர்சினி போன் எடுத்தாள். குரல் காய்ச்சல்காரியின் குரல்தான்.

"இஞ்சேருங்கோ, பிளேனுக்குள்ள ஒரு கார்டு தருவினமாம். ஒஸ்ரேலியாவில எங்க தங்கப்போறன் எண்டு எழுதவேணுமாம். எந்த விலாசத்தைப் போட?"

யோகேஸ்வரன் என்னைப் பார்த்தார். அந்த நாள் முழுவதும் விலாசத்தால் அடிபட்ட மனிதர். பிறகு என் வீட்டு இலக்கத்தைச் சொன்னார், தெருவைச் சொன்னார், நோபல் பார்க் என்றார், 3174 என்றார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதினாள்.

"இது சரியான விலாசம் தானே?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றார். "நான் இருக்கிற இடம்."

ஞாயிறு இரவு இங்கே ரல்லமரீன் விமான நிலையத்தில் அந்தக் கார்டை வாங்கிப் பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் அவளை உள்ளே விட்டார்கள்.