பாலத்துக் காற்றில் அடங்கிய இருமல்

எனக்கு எழுத்து ஓடாது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினார்கள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நானும் என் தங்கையும், அவளுடைய மகளும், அந்தப் பிள்ளையின் ஒன்றரை வயது மகனும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மருமகன் கத்தாரில். சின்னவனுக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகியது. தடிமன்தானே என்று இருந்தோம்.

சாமத்தில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம். எழும்பிப் பார்த்தால் குரைத்தது சின்னவன். இருமினால் அப்படி. மூச்சை உள்ளே இழுக்கும்போது வேறொரு சத்தம், கர்ரென்று. தொண்டையும் கட்டிப்போய் அழுகை சரியாக வரவில்லை.

"வேது புடிச்சா எல்லாம் இளகிப் போகும்" என்றாள் தங்கை. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் யாருக்குச் சளி என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அடுப்பை மூட்டினாள், பானைத் தண்ணீர் கொதித்து ஆவி வர நொச்சி இலை போட்டாள், கதவு ஜன்னலெல்லாம் சாத்தினாள். பானைக்கு முன்னால் மடியில் இருத்திப் போர்வையால் மூடியதும் பிள்ளை வீரிட்டு அழுதான். அழ அழ அந்தக் கர்ர் சத்தம் கூடியது.

"விடுங்கம்மா, புள்ளைக்கு மூச்சு முட்டுது!" என்று மகள் பறித்துத் தூக்கினாள். நல்லகாலம், பானை கவிழவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் ஏறினோம். அக்கரையில், எழுவான்கரை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வாவிப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தில் ஏறியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பாலம் முடிவதற்குள் பிள்ளை அழுகையை நிறுத்தித் தாயின் தோளில் சாய்ந்துவிட்டான். சத்தமும் தேய்ந்துவிட்டது.

"பாத்தியா? வேது இப்பதான் வேலை செய்யுது. நான் சொன்னா நீ எங்க கேக்கிற?" என்றாள் தங்கை.

ஓட்டோக்காரத் தம்பி திரும்பிப் பார்த்தான். "மாமி, போறதா, திருப்புறதா? பாலத்தில காத்து வாங்கவா என்னை எழுப்பினீங்க?"

எல்லோரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து படுக்கப் போட்டுக் கொஞ்ச நேரம்தான். மறுபடி அந்தச் சத்தம். இந்த முறை அவன் அழவேயில்லை. சும்மா கிடக்கும்போதே கர்ர் கர்ரென்று இழுத்தான். கழுத்தடியும் விலாவும் ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தன. தங்கை திரும்ப அடுப்படிப் பக்கம் போனாள். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடி அதே ஓட்டோவில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்க வைக்கவில்லை. தாயின் மடியிலேயே நிமிர்ந்து இருக்கட்டும், அழவிடாதீங்க என்றார்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். வாயில் இனிப்பாக ஒரு மருந்து கொடுத்தார்கள். பிறகு முகத்துக்கு நேரே ஒரு மூடியைப் பிடிக்க, அதிலிருந்து புகை வந்தது.

"இதும் வேதுதானே, டொக்டர்?" தங்கை ஆசையோடு கேட்டாள்.

"இல்லம்மா. இந்தப் புகையில மருந்து இருக்கு. குரல்வளைக்குக் கீழ வீங்கிக் கிடக்கு, அதைக் கொஞ்ச நேரத்துக்கு அடக்கும். வாயில குடுத்தது மெல்ல வேலை செஞ்சு கனநேரம் நிக்கும். சுடுதண்ணி ஆவியால வீக்கம் குறையாது. மேல கொட்டினா புள்ள வெந்துபோகும்."

"பாலத்தில நல்லா இருந்தானே?"

"குளிர் காத்துக்கும், அழுகை நிண்டதுக்கும் கொஞ்சம் லேசாகும். அது சுகமில்ல. சும்மா இருக்கக்குள்ள இப்படிச் சத்தம் வந்தா, நெஞ்சு குழி விழுந்தா, உடனே வரணும். பிந்தினா மூச்சே அடைச்சுப் போகலாம்."

மகள் தாயைப் பார்த்தாள். திரும்பிப் பிள்ளையின் முதுகைத் தடவினாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

புகை மருந்தின் வேகம் தணிந்ததும் சத்தம் திரும்பி வரலாம் என்று ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துப் பார்த்தார்கள். வரவில்லை. பிள்ளை சுகமாகி வந்தான்.

மாரி தொடங்கியபோது இன்னொரு தரம் அதே குரைப்பு வந்தது. நான் விழித்தபோது ஓட்டோ புறப்படும் சத்தம்தான் கேட்டது. போகும்போது மகள் யாரையும் எழுப்பவில்லை. தங்கை இருட்டில் பாயில் எழும்பி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கிட்டச் சொல்லாமப் போயிட்டாளே கா."

"அவசரத்தில போயிருப்பாள்" என்றேன்.

"இல்லக்கா. அடுப்பை மூட்டிருவன் எண்டு பயந்திருக்காள்."

விடியப் பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தான். தங்கை தூக்கக் கை நீட்டவில்லை, தள்ளி நின்றே பார்த்தாள். இன்றைக்கும் அவன் இருமினால் அவள் அடுப்படிப் பக்கம் போகாமல் முற்றத்துக்கு இறங்கிவிடுவாள்.

மருந்துகளைப் பற்றி என் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற யாராவது இதை வாசித்து, பிழையிருந்தால் திருத்திவிடுங்கள்.