காக்காய்க்கு முந்தி

அப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்தேன். இன்சுலின் போட்டுக்கொள்ளும் அவனியாபுரத்து மெக்கானிக் ஒருவரை, அமாவாசையன்று மத்தியானம் சர்க்கரை இறங்கி மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். அவருடைய படிவத்தில் ‘விரதம் இல்லை’ என்று நான்தான் எழுதியிருந்தேன்.

தெளிந்ததும் கேட்டேன்.

“விரதமெல்லாம் இல்லம்மா. அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைச்சு, காக்கா எடுத்தப்புறம் வயிறாரச் சாப்பிடுவேன். இன்னைக்குக் காக்கா வரவே இல்ல.”

காலை ஊசியை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார்.

என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. படிவத்தில் அமாவாசையைச் சேர்த்தேன். டாக்டர் அமாவாசை நாளில் மட்டும் காலை ஊசியின் அளவைக் குறைத்தார். நான் காலையில் பாலும் பழமும், ஒரு மணிக்குள் சாப்பாடும் என்று மாற்றி எழுதினேன்.

“படபடன்னு வந்தா காக்காய்க்குக் காத்திருக்காம சீனித்தண்ணி குடிச்சிரணும்ணே.”

கொஞ்சம் யோசித்தார்.

“குடிச்சுக்கிறேன். அப்பாவும் சக்கரையிலதாம்மா போனாரு. ஒண்ணும் நினைக்க மாட்டாரு.”