இரண்டு கடிதம், ஒரே "மை குட் செல்ஃப்"

அச்சு இயந்திரம் தாளைக் கக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. மில் தொழிலாளர்களின் வருகைப் பதிவு கம்ப்யூட்டரில் ஆறு மணி நேரம் ஓடும். டேப்பை இரண்டு முறை படிப்பதை ஒரே முறையாக்கி, நான் அதை நாலு மணி நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். அலுவலகத்துக்கு வரும் வெளிநாட்டுப் பத்திரிகையில் கனடா கம்பெனி ஒன்று கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்த, ஐந்து வருட அனுபவமுள்ள புரோகிராமர் வேண்டுமென்று கேட்டிருந்தது. அந்த மாதம்தான் எனக்கு ஐந்து வருடம் முடிந்தது. ஏன் எழுதக் கூடாது?

பக்கத்து மேஜை நண்பனிடம்தான் முதலில் சொன்னேன். பம்பாய் மாட்டுங்காவில் அவன் வீட்டில் டைப்ரைட்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சுனாபட்டியில் என் அறையிலிருந்து நான் எழுதி எடுத்துப்போனதை அவனே அடித்தான். டேப் விஷயத்தை மூன்று வரியில் சொல்லியிருந்தேன். 'நான்' என்று வர வேண்டிய இடத்தில் மரியாதைக்காக 'மை குட் செல்ஃப்' என்று போட்டிருந்தேன்.

"உன்னையே நீ நல்லவன்னு சொல்லிப்பியாடா?" என்று சிரித்தான். நான் விடவில்லை, அப்படியே அடித்தான். கார்பன் வைத்து ஒரு பிரதியும் எடுத்தான். ஃபைலுக்கு என்றான்.

ஆறு வாரத்தில் ஏர்மெயில் வந்தது. பம்பாயிலிருந்து இரண்டு பேரிடமிருந்து ஒரே கடிதம் வந்திருக்கிறதாம், 'மை குட் செல்ஃப்' உள்பட. அந்தப் புரோகிராமை எழுதியது உங்களில் யார் என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் கேன்டீனில் அதை அவன் முன் வைத்தேன். படித்துவிட்டு டீயைக் குடித்தான்.

"ரெண்டு பேரும் ஒரே மிஷின்லதானேடா வேலை பாக்கறோம்?"

"டேப்பை ஒரே தடவ படிக்க வச்சது யாருல?"

"நீதான். யார் இல்லேன்னா?"

"அப்போ குட் செல்ஃப்?"

"கார்பனைப் பாத்து அடிச்சேன். கவனிக்கலை."

அந்த வார்த்தைக்குச் சிரித்த வாய்தான் அது. கோபம்கூட உடனே வரவில்லை; கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஐந்து வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவன்.

அன்று திரும்பும் ரயிலில் நினைவு வந்தது. புரோகிராமைத் துளையிடும் கார்டின் கடைசி எட்டுக் கட்டத்தை மிஷின் கண்டுகொள்ளாது, ஆனால் புரோகிராமை அச்சிட்டால் வரிக்கு வரி அதுவும் வரும். அங்கே என் கார்டுகளில் ஆங்கிலத்தில் 'சுனா' என்று ஐந்தெழுத்தும் மூன்று எண்ணும் துளையிட்டிருந்தேன். பேட்டைப் பெயரையா போடுவாய் என்று அவன் கேலி செய்திருக்கிறான்.

அந்த அச்சுப் பிரதியில் ஒரு பக்கத்தைக் கடிதத்தோடு அனுப்பினால் போதும்; கடிதத்தில் என் முகவரியும் சுனாபட்டிதானே. ஆனால் அது கம்பெனிச் சொத்து. மேனேஜரிடம் கேட்க வேண்டும். கேட்டால் வெளியே போகப் பார்க்கிறேன் என்பது தெரிந்துவிடும், இந்த வேலையும் ஆட்டம் காணும். இருந்தாலும் நாளைக் காலை அவர் கோட்டைக் கழற்றி மாட்டியதும் கேட்கப்போகிறேன். புதுக் கடிதத்தை நானே அடிப்பேன், ஒற்றை விரலால். 'நான்' என்றே போடுவேன்.