பிஸ்கட் டப்பாவில் இருந்த தொண்ணூறு மோட்டார்

பொன்மணிக்கு யாரும் கணக்கு சொல்லிக்கொடுத்ததில்லை. பிளஸ்டூவில் வணிகவியல் படித்ததோடு சரி. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு மோட்டார் பட்டறையில் சேர்ந்து, பில் போட்டு, பேரேடு எழுதி, வங்கிக்கு நடந்து பதினோரு வருஷம் ஓடிவிட்டது. நாற்பத்திரண்டு வயசில் அந்தப் பட்டறையின் வரவும் செலவும் அவள் விரல் நுனியில் இருந்தன. முதலாளிகளுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். அதுதான் கடைசியில் வினையாகப் போனது.

பட்டறை இரண்டு பேர் பங்கு. மூத்தவர் ஜெபசிங், விற்பனையும் வசூலும் அவர் பாடு. இளையவன் செல்லப்பா, முப்பத்தைந்து வயசு, மோட்டாருக்குள் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுவதில் கைகாரன். போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார்தான் சரக்கு. குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் இருந்து ராயகிரி வரைக்கும் இவர்கள் மோட்டார் இறங்காத ஊர் குறைவு. ஒரு வருஷத்துக்குள் எது கெட்டாலும் இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்று ஒவ்வொரு மோட்டாரோடும் அட்டை ஒன்று போகும். அந்த அட்டையை நம்பித்தான் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் கோவை கம்பெனி மோட்டாரை விட்டு இங்கே வந்தார்கள்.

கெட்ட மோட்டார் வந்தால் செல்லப்பா பிரித்து, புதுக் கம்பி சுற்றி அனுப்புவான். அந்தக் கம்பி எந்தக் கணக்கில் போகும்? புது மோட்டாருக்கு வாங்கிய செம்புக் கம்பியோடு சேர்ந்தே பட்டறைச் செலவில் போகும். தனியாக யாரும் பிரித்து எழுதியதில்லை. வந்தபோது செலவு, வராதவரை ஒன்றுமில்லை. இரண்டு பங்காளிகளும் வருஷா வருஷம் சேர்ந்தே இருந்ததால் இந்த வருஷச் செலவு அடுத்த வருஷத்தில் விழுந்தாலும் இரண்டு பேர் பையிலும் பாதிப் பாதிதான். ஆகையால் யாருக்கும் உறைக்கவில்லை.

ஆனால் பொன்மணி மட்டும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கார்டு போட்டு வைத்திருந்தாள். வருஷம் முடிந்து ஒரு மாசம் கழித்து வந்து, அதற்குள்தான் கெட்டது என்று சண்டை பிடிக்கிற சம்சாரிகளுக்காக ஆரம்பித்த பழக்கம். விற்ற தேதி, திரும்பி வந்த தேதி, என்ன கெட்டது, எவ்வளவு செலவு. ஆறு வருஷக் கார்டு இருந்தது. ஒரு மழைநாளில் சும்மா உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில், நூறு மோட்டார் விற்றால் வருஷத்துக்குள் பதினைந்து திரும்பி வருகிறது, ஒன்றுக்கு மூவாயிரம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டாள். தெரிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஜெபசிங் விலகப் போகிறேன் என்றது தை மாசத்தில். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் ஒன்று விலைக்கு வந்தது. முழங்கால் வலியோடு ஊர் ஊராக அலைந்தது போதும் என்று நினைத்தார், அதில் தப்பொன்றுமில்லை. மார்ச் முப்பத்தொன்றோடு கணக்கை முடித்து, அன்றைய லாபத்தில் பாதியும் போட்ட முதலும் எடுத்துக்கொள்வது, பட்டறை முழுசும் செல்லப்பாவுக்கு என்று பேச்சு. விற்றதற்கெல்லாம் அட்டையில் போட்ட வாக்கும் இனி செல்லப்பா பொறுப்பு. அவன் பொண்டாட்டி நகையை அடகு வைத்துப் பணம் புரட்டினான்.

ஏப்ரலில் புது ஆடிட்டர் ஹஸ்னா பானு வந்தாள். முப்பது வயசிருக்கும், கண்ணில் பட்டதையெல்லாம் கேள்வியாகக் கேட்கிற ரகம். விற்பனைப் புத்தகத்தோடு ஒட்டியிருந்த இலவச ரிப்பேர் அட்டையைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டாள்.

"இதுக்கு எங்க கணக்கு எழுதியிருக்கீங்க?"

"மோட்டார் திரும்பி வந்தா எழுதுவோம் மேடம்," என்றாள் பொன்மணி.

"அது லேட்டு. வித்த அன்னைக்கே வாக்கு குடுத்தாச்சு. அட்டை கைய விட்டுப் போகும்போதே அந்தச் செலவு உங்க தலையில விழுந்துருச்சு. எந்த மோட்டார் கெடும்னு தெரியாது, சரி. மொத்தத்துல எத்தனை கெடும்னு பழைய அனுபவத்த வச்சு சொல்லிரலாம்ல? வித்த வருஷத்து லாபத்துலயே அத எடுத்து ஒதுக்கிரணும். அப்புறம் மோட்டார் வரும்போது அந்த ஒதுக்குனதுல இருந்து கழிக்கணும், புதுச் செலவா எழுதக் கூடாது."

"அப்போ இந்த வருஷ லாபம் கொறையுமே."

"கொறையாது. அது லாபமே இல்ல." ஹஸ்னா பானு அட்டையைத் தட்டினாள். "இதுவரை எத்தனை திரும்பி வந்துச்சுன்னு பதிவு வச்சிருக்கீங்களா? நாளைக்கு எனக்கு வேணும்."

பொன்மணிக்கு அங்கேயே கணக்கு ஓடிவிட்டது. இந்த வருஷம் விற்றது எண்ணூறு. பதினைந்து சதவீதம் என்றால் நூற்றிருபது திரும்ப வேண்டும். மார்ச்சுக்குள் வந்தது முப்பதுதான், ஏனென்றால் பாதிக்கு மேல் தை மாசத்துக்குப் பிறகு கோடைக்கென்று விற்றவை. இன்னும் தொண்ணூறு வர வேண்டும். இரண்டு லட்சத்து எழுபதாயிரம். அதில் பாதி ஜெபசிங் பங்கில் குறையும்.

சாயங்காலம் அவரே வந்து அவள் மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ள என்ன கேக்கு?"

சொன்னாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"வராத மோட்டாருக்கு நான் எதுக்குப் பணம் குடுக்கணும் பொன்மணி? பதினோரு வருஷமா நாம எப்பிடி எழுதுனோமோ அப்பிடியே எழுது. கார்டெல்லாம் வைக்கலன்னு சொல்லிரு. தோட்டத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். இப்பம் கொறஞ்சா அதுவும் போயிரும்."

அவர் பழைய உதவியைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. புருஷன் ஈரோட்டுக்குத் தறி ஓட்டப் போனவன் பணம் அனுப்புவதை நிறுத்திய வருஷம், மகள் அனுவுக்கு நர்சிங் காலேஜில் முதல் வருஷப் பணத்தைக் கட்டியவர் அவர். எந்தப் புத்தகத்திலும் அதை எழுதவில்லை, ஒருநாளும் திருப்பிக் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் பொன்மணிக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் ஹஸ்னா பானு கேட்டபோது, "அப்பிடிப் பதிவு எதுவும் இல்ல மேடம்," என்றாள். டப்பா அவள் காலடியில், மேஜைக்குக் கீழே இருந்தது.

"இத்தனை வருஷமா இலவசமா செஞ்சு குடுக்கீங்க, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையா?"

"இல்ல மேடம்."

ஹஸ்னா பானு கம்பி வாங்கிய கணக்கைப் புரட்டினாள், புதுசும் ரிப்பேரும் கலந்து கிடந்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. "பதிவு இல்லாம நான் ஒரு தொகைய ஊகிச்சுப் போட முடியாது. ஆனா ரிப்பேர் வாக்குக்கு எதுவும் ஒதுக்கலன்னு குறிப்பு எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன்," என்றாள். எழுதினாள். இங்கிலீஷில், கடைசிப் பக்கத்தில், நாலு வரி. செல்லப்பா அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. லாபத் தொகையைப் பார்த்தான், பாதியைப் பார்த்தான், பெருமூச்சு விட்டு செக்கில் கையெழுத்துப் போட்டான்.

சித்திரை வெயில் அந்த வருஷம் கரிசலைப் பிளந்தது. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் தண்ணியில்லாமல் ஓடிக் கருகியது. ஒவ்வொன்றாக வந்தன. டிராக்டரில், ஆட்டோவில், பஸ் மேலே கட்டி. செல்லப்பா ராத்திரி பகல் பார்க்காமல் காயில் சுற்றினான். மே மாசம் முடிவதற்குள் நாற்பத்தைந்து. கம்பிக் கடைக்காரன் கடன் தர யோசித்தான். நகை அடகு வட்டி இரண்டு மாசம் பாக்கி நின்றது.

பொன்மணி ஒவ்வொன்றுக்கும் கார்டு எழுதிக்கொண்டுதான் இருந்தாள். பழக்கம் விடவில்லை. டப்பா மூடி இப்போது சரியாக மூடுவதில்லை.

மே கடைசியில் ஒருநாள் குருவிகுளத்தில் இருந்து முப்பிடாதியம்மாள் வந்திருந்தாள். ஐம்பது வயசு, தனி ஆளாக மிளகாய் போட்டவள். மோட்டாரை வாசலில் இறக்கிவிட்டு அட்டையை நீட்டினாள். அட்டை மஞ்சள் பிடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது, பத்திரமாக வைத்ததில் கிழிந்தது.

"தம்பி, வருஷம் முடியலைலா. பாத்துச் சொல்லு."

செல்லப்பா அட்டையைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தான். "காயிலுக்கு மட்டும் பாதிப் பணம் குடுத்துருதீங்களா ஆத்தா," என்று கேட்டான். கேட்கும்போதே அவன் குரல் கூசியது. பொன்மணி அவனை அப்படிப் பேசிக் கேட்டதே இல்லை.

"இலவசம்னு எழுதித் தந்துருக்கேல்லா," என்றாள் முப்பிடாதியம்மாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "நான் வேற எதையும் கேக்கல. செடி வாடிக் கெடக்கு."

அவன் தலையாட்டினான். "செஞ்சு தாரேன். நாளைக்கு வாங்க."

அவள் போனபிறகு செல்லப்பா மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கையெல்லாம் காயிலுக்குப் பூசிய வார்னிஷ்.

"யக்கா, ஜெபசிங் அண்ணாச்சி போகும்போது நல்ல லாபம் இருந்துச்சுலா? அந்தப் பணம் எங்க போச்சு? நான் என்ன தப்பு பண்ணேன்? இன்னும் எத்தனை வரும்னு தெரிஞ்சாலாவது பட்டறைய வச்சிருக்கவா மூடவான்னு முடிவு பண்ணலாம்."

"நாப்பத்தஞ்சு," என்றாள் பொன்மணி. "தொண்ணூறுல நாப்பத்தஞ்சு வந்தாச்சு. இன்னும் நாப்பத்தஞ்சு வரும்."

"எப்பிடிச் சொல்லுதீங்க?"

அவள் குனிந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவன் திறந்தான். ஒரு கார்டு எடுத்துப் படித்தான், அடுத்தது, அடுத்தது. ஆறு வருஷம் அவன் கையால் சுற்றிய காயில் அத்தனையும் அவள் கையெழுத்தில் இருந்தது. கணக்குப் படிக்காதவனுக்கும் அது என்னவென்று புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"பானு மேடம் கேட்ட பதிவு இதுதானா?"

"ஆமா."

"ஏப்ரல்ல அவங்க கேட்டப்ப இது எங்க இருந்துச்சு?"

"இங்கனதான். என் காலுக்குக் கீழ." அவள் டப்பா மூடியை எடுத்து மடியில் வைத்தாள். "அண்ணாச்சி என் பிள்ளைக்குப் பணம் கட்டுனவரு செல்லப்பா. அந்தக் கடன உன் தலையில இறக்கிட்டேன்."

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் வார்னிஷ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மேஜையிலிருந்த ஃபோனை எடுத்து, ஹஸ்னா பானு நம்பரைத் தேடி அழுத்தினான். மணி அடிக்கத் தொடங்கியதும் அதை அவள் கையில் கொடுத்தான்.

"நீங்களே சொல்லுங்க யக்கா."

அந்தப் பக்கம் எடுத்தார்கள். பொன்மணி டப்பாவின் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், சங்கரன்கோவில் மோட்டார் பட்டறையில இருந்து பொன்மணி பேசுதேன். நீங்க பதிவு கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். இருந்துச்சு."